பூனை மேசைக்குத் தாவியதா, மேசையில் தாவியதா?

ஜெர்மன் மொழியில் இரண்டு வாக்கியங்கள். ‘டீ கட்ஸே ஷ்ப்ரிங்ட் அவுஃப் டேன் டிஷ்.’ ‘டீ கட்ஸே ஷ்ப்ரிங்ட் அவுஃப் டேம் டிஷ்.’ கட்ஸே என்றால் பூனை, ஷ்ப்ரிங்ட் என்றால் தாவுகிறது, அவுஃப் என்றால் மேல், டிஷ் என்றால் மேசை. இரண்டிலும் ஒரே பூனை, ஒரே மேசை, ஒரே தாவல். வேறுபடுவது ஓர் ஒற்றுதான்: ஒன்றில் ‘டேன்’, மற்றொன்றில் ‘டேம்’. முதல் வாக்கியத்தில் பூனை தரையிலிருந்து மேசைமேல் ஏறுகிறது. இரண்டாவதில் அது ஏற்கெனவே மேசைமேல் இருக்கிறது. அங்கேயே துள்ளிக் குதிக்கிறது.

ஜெர்மன் பெயர்ச்சொல்லின் வேற்றுமை பெரும்பாலும் அந்தச் சொல்லின் ஈற்றில் தெரியாது. அதற்கு முன்னால் வரும் குறிச்சொல்லில் தெரியும். ஆண்பால் சொல்லுக்கு எழுவாயில் ‘டேர்’, அக்குஸாட்டிவ் வேற்றுமையில் ‘டேன்’, டாட்டிவ் வேற்றுமையில் ‘டேம்’. பெண்பாலில் ‘டீ’, ‘டீ’, ‘டேர்’. அஃறிணை என்று சொல்லத்தக்க மூன்றாம் பாலில் ‘டாஸ்’, ‘டாஸ்’, ‘டேம்’. இடத்தைக் காட்டும் சொற்களில் சில எப்போதும் ஒரே வேற்றுமையைத்தான் பிடிக்கும். ஒன்பது சொற்கள் மட்டும் இரண்டையும் ஏற்கும். மேல், உள், ஒட்டி, பின், முன், பக்கத்தில், மேலே அந்தரத்தில், கீழ், நடுவில் என்ற ஒன்பது உறவுகளைக் குறிப்பவை அவை: அவுஃப், இன், அன், ஹின்டர், ஃபோர், நேபன், ஊபர், உன்டர், ட்ஸ்விஷன். இருவழி முன்னிடைச்சொற்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

வகுப்பில் சொல்லித்தரும் விதி மிகச் சுருக்கமானது. அசைவு இருந்தால் அக்குஸாட்டிவ், நிலை இருந்தால் டாட்டிவ். இந்த விதி முதல் வாரத்துக்குப் போதும். இரண்டாம் வாரம் யாராவது பூங்காவில் ஓட ஆரம்பித்தால் விதி காலை வாரிவிடும்.

‘இஹ் லாவுஃபெ இன் டேன் பார்க்’ என்றால் நான் பூங்காவுக்குள் ஓடுகிறேன். வெளியே இருந்தவன் உள்ளே போகிறேன். ‘இஹ் லாவுஃபெ இம் பார்க்’ என்றால் பூங்காவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறேன். ‘இம்’ என்பது ‘இன் டேம்’ சேர்ந்து குறுகியது, ஆகவே டாட்டிவ். வியர்வை இரண்டிலும் ஒரே அளவுதான். அசைவு இருந்தும் டாட்டிவ் வருகிறது என்றால், விதி பார்ப்பது அசைவை இல்லை என்றாகிறது. பூங்காவின் எல்லையைத்தான் அது பார்க்கிறது. செயல் தொடங்கும்போது ஆள் அந்த இடத்துக்கு வெளியே இருந்து, செயலால் உள்ளே வந்தால் அக்குஸாட்டிவ். தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்தால், அங்கே நின்றாலும் ஓடினாலும் குட்டிக்கரணம் போட்டாலும் டாட்டிவ்.

இதை ஒரே வாக்கியத்துக்குள் சோதித்துப் பார்க்க ஜெர்மன் ரயில் வசதியானது. கொலோனுக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் இடையிலான அதிவேகப் பாதையில் ஐ.சி.இ. ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். அதில் உட்கார்ந்திருப்பவர், ‘நான் ரயிலில் இருக்கிறேன்’ என்று சொல்ல ‘இம் ட்ஸூக்’ என்பார், டாட்டிவ். 300 கிலோமீட்டர் வேகம் இலக்கணத்தின் கணக்கிலேயே வராது, ஏனென்றால் ரயிலுக்கும் அவருக்கும் உள்ள உறவு மாறவில்லை. பசி எடுத்து எழுந்து உணவுப் பெட்டிக்கு நடக்கிறார். அப்போது வாக்கியம் இப்படி அமையும்: ‘இஹ் கேயெ இம் ட்ஸூக் இன் டேன் ஷ்பைஸேவாகன்.’ ஒரே நடைதான். ரயிலை வைத்துப் பார்த்தால் அவர் உள்ளேயே நடக்கிறார், அதனால் ‘இம்’. உணவுப் பெட்டியை வைத்துப் பார்த்தால் வெளியிலிருந்து உள்ளே போகிறார், அதனால் ‘இன் டேன்’. ஒரு வினைச்சொல், இரண்டு இடங்கள், இரண்டு வேற்றுமைகள். ஆக, வேற்றுமையை வினைச்சொல் தனியாக நிர்ணயிப்பதில்லை. ஒவ்வோர் இடத்தோடும் அந்தச் செயலுக்கு என்ன உறவு என்பதைத் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880-இல் வெளியிட்ட பயண நூலின் பின்னிணைப்பில் ஜெர்மன் மொழியைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதினார். மழை தரையில் சும்மா கிடந்தால் டாட்டிவ், விழுந்துகொண்டிருந்தால் அது அசைவு, ஆகவே அக்குஸாட்டிவ் என்று அதில் ஒரு வேடிக்கை வருகிறது. படித்தால் இன்றும் சிரிப்பு வரும். ஆனால் அந்த வேடிக்கை நிற்பதே ‘அசைவு’ என்ற அரைகுறை விதியின்மேல்தான். மழை விழுகிறதா கிடக்கிறதா என்பது யாருக்கும் பொருட்டில்லை. மழையை இடமாகக் கொண்டு வேறொன்று அதற்குள் போகிறதா, ஏற்கெனவே அதற்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. மழைக்குள் இறங்கி நடந்தால் ‘இன் டேன் ரேகன்’. மழையில் நனைந்தபடி நின்றால் ‘இம் ரேகன்’. இரண்டிலும் மழை என்னவோ பெய்துகொண்டுதான் இருக்கிறது.

வகுப்பில் இன்னொரு கைப்பிடியும் தருவார்கள். ‘வோஹின்?’ என்று கேட்டால் அக்குஸாட்டிவ், ‘வோ?’ என்று கேட்டால் டாட்டிவ். ஜெர்மன் பேசிப் பிறந்தவருக்கு இது நல்ல சோதனை, ஏனென்றால் அவர் வாயில் இரண்டு கேள்விகளும் தனித்தனிச் சொற்களாகவே வரும். தமிழில் என்ன கேட்கிறோம்? ‘எங்கே போற?’ ‘எங்கே இருக்க?’ இரண்டுக்கும் ‘எங்கே’தான். ‘சாவியை எங்கே வெச்ச?’ என்பதற்கும் அதே ‘எங்கே’. ஜெர்மன்காரர் அந்தக் கடைசிக் கேள்வியை ‘வோஹின்’ என்று கேட்பார், ஏனெனில் அவருக்குச் சாவி கையிலிருந்து கிளம்பி ஓரிடத்துக்குப் போயிருக்கிறது. நமக்கோ சாவி இப்போது இருக்கும் இடம் மட்டுமே தெரிய வேண்டும்.

தமிழ் பேசுகிறவர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் சற்று நின்று பார்க்கலாம். தமிழில் போகிற வினைகளுக்கு ‘கு’ உருபு: பள்ளிக்கூடத்துக்குப் போனான், கடைக்கு ஓடினான். இருக்கிற வினைகளுக்கு ‘இல்’: பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். இதுவரை ஜெர்மன் பிரிவினையும் தமிழ்ப் பிரிவினையும் ஒத்துப்போகின்றன. ஆனால் வைக்கிற, போடுகிற, மாட்டுகிற வினைகளுக்குத் தமிழ் ‘கு’வைப் பயன்படுத்துவதில்லை. பாலை ஃபிரிட்ஜில் வை. துணியைப் பெட்டியில் போடு. படத்தைச் சுவரில் மாட்டு. பால் ஃபிரிட்ஜுக்கு வெளியிலிருந்து உள்ளே போகிறது; ஆனாலும் நாம் ‘ஃபிரிட்ஜில்’ என்றே சொல்கிறோம். வைத்து முடித்தபின் பால் எங்கே இருக்கும் என்பதிலேயே தமிழின் கண் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தோடு ஜெர்மனில் வாய் திறந்தால், ‘இஹ் ஷ்டெலெ டீ மில்ஹ் இம் க்யூல்ஷ்ராங்க்’ என்று வரும். தமிழ் காதுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. ஜெர்மன் காதுக்கு, ஃபிரிட்ஜுக்குள் நின்றுகொண்டு பாலை எங்கேயோ வைக்கிறவர் போலக் கேட்கும். சரியான வடிவம் ‘இன் டேன் க்யூல்ஷ்ராங்க்’. சுவரில் படம் மாட்டும்போது ‘அன் டீ வான்ட்’, மாட்டிய படம் தொங்கும்போது ‘அன் டேர் வான்ட்’.

இன்னொரு குழப்பம் பெயர்களிலிருந்து வருகிறது. டாட்டிவ் என்பதைத் தமிழ் வழிப் பாடங்கள் நான்காம் வேற்றுமை என்று பெயர்த்துவிடுகின்றன. ‘அவனுக்குக் கொடுத்தேன்’ என்ற வாக்கியத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அடுத்து என்ன நடக்கும்? ‘பள்ளிக்கூடத்துக்கு’ என்பதிலும் அதே ‘கு’ இருக்கிறதே என்று மாணவர் போகுமிடத்துக்கு டாட்டிவைப் போடுகிறார். ஜெர்மனில் அது தலைகீழ். போகுமிடம் அக்குஸாட்டிவ், அதாவது நம் கணக்கில் இரண்டாம் வேற்றுமை, இருக்குமிடம் டாட்டிவ். போதாக்குறைக்கு ஜெர்மன் பள்ளிகளின் எண் வரிசையில் டாட்டிவ் மூன்றாவது, அக்குஸாட்டிவ் நான்காவது. எண்ணைச் சொல்லி ஒரு ஜெர்மன்காரரிடம் சந்தேகம் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இருக்குமிடத்துக்கு ஏன் டாட்டிவ்? இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. ஜெர்மனின் தொலைதூர மூதாதை மொழியில் இடத்தைக் குறிக்கத் தனியாக ஒரு வேற்றுமை இருந்தது. சமஸ்கிருதம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது: ஊரில் என்பதற்கு ‘கிராமே’, அது ஏழாம் வேற்றுமை. ஊருக்குப் போகிறான் என்பதற்கு ‘கிராமம் கச்சதி’, அது இரண்டாம் வேற்றுமை. போகுமிடத்துக்கு இரண்டாம் வேற்றுமை என்பது ஜெர்மனின் புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. லத்தீனும் நகரத்துக்குள் என்பதற்கு ‘இன் உர்பெம்’, நகரத்தில் என்பதற்கு ‘இன் உர்பே’ என்று அதே இரட்டை வழக்கை வைத்திருந்தது. ஜெர்மானிய மொழிகள் பிரிந்து வளர்ந்தபோது இடத்துக்கான தனி வேற்றுமை தேய்ந்து மறைந்தது. அதன் வேலையை டாட்டிவ் ஏற்றுக்கொண்டது. கருவியைக் குறிக்கும் வேலையும், நீங்குவதைக் குறிக்கும் வேலையும்கூட அதன் தலையிலேயே விழுந்தன. அதனால்தான் ‘ஓடு’ என்று பொருள்படும் ‘மிட்’டும், ‘இலிருந்து’ என்று பொருள்படும் ‘அவுஸ்’, ‘ஃபொன்’ இரண்டும் எப்போதும் டாட்டிவையே கேட்கின்றன. தமிழ் இலக்கணம் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்று பிரித்துக் கொடுத்த வேலைகளை ஜெர்மன் டாட்டிவ் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே இந்த ஒன்பது சொற்களுக்குப் பின்னால் வரும் டாட்டிவை நான்காவது என்று நினைக்காமல் மாறுவேடம் போட்ட ஏழாவது என்று நினைத்துக்கொண்டால், தமிழருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். போவது இரண்டு, இருப்பது ஏழு.

மீதிப் பாதிக்கு வினைச்சொற்களே உதவுகின்றன. தமிழில் ‘கிட’ என்பதிலிருந்து ‘கிடத்து’, ‘நில்’ என்பதிலிருந்து ‘நிறுத்து’, ‘இரு’ என்பதிலிருந்து ‘இருத்து’ பிறப்பதைப் போல, ஜெர்மனிலும் ‘லீகன்’ என்றால் கிடப்பது, ‘லேகன்’ என்றால் கிடத்துவது. ‘ஸிட்ஸன்’ என்றால் உட்கார்ந்திருப்பது, ‘ஸெட்ஸன்’ என்றால் உட்கார வைப்பது. ‘ஷ்டேயன்’ நிற்பது, ‘ஷ்டெலன்’ நிறுத்துவது. தன்வினைக்குப் பின்னால் டாட்டிவ், பிறவினைக்குப் பின்னால் அக்குஸாட்டிவ். ‘டாஸ் பூஹ் லீக்ட் அவுஃப் டேம் டிஷ்’: புத்தகம் மேசைமேல் கிடக்கிறது. ‘இஹ் லேகெ டாஸ் பூஹ் அவுஃப் டேன் டிஷ்’: புத்தகத்தை மேசைமேல் கிடத்துகிறேன். நாம் ‘வை’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிற இடத்தில், படுக்கவா, நிற்கவா, உட்காரவா என்பதையும் சேர்த்தே ஜெர்மன் சொல்கிறது. பாட்டிலை நிறுத்த வேண்டும், பேனாவைக் கிடத்த வேண்டும். தட்டு மட்டும் விசித்திரம்: அகலமாகத் தட்டையாகக் கிடந்தாலும் அதற்கு அடிப்பாகம் உண்டு என்பதால் அது மேசைமேல் ‘நிற்கிறது’.

தொங்குவதற்கும் தொங்கவிடுவதற்கும் நிகழ்காலத்தில் ‘ஹெங்கன்’ என்ற ஒரே சொல்தான். இறந்தகாலத்துக்குப் போனால் பிரிந்துவிடும். படம் தொங்கியது என்பதற்கு ‘ஹிங்’, படத்தைத் தொங்கவிட்டேன் என்பதற்கு ‘ஹெங்க்டே’. ‘ஹிங்’ வந்தால் டாட்டிவ், ‘ஹெங்க்டே’ வந்தால் அக்குஸாட்டிவ். பொதுவாகவே இந்த ஜோடிகளில் உள்ளுயிர் மாறி இறந்தகாலம் காட்டும் வினை இருப்பதைச் சொல்லும். ‘டே’ ஒட்டிக்கொள்ளும் வினை வைப்பதைச் சொல்லும். லீகன் ‘லாக்’ ஆகும், லேகன் ‘லேக்டே’ ஆகும்.

எல்லைக் கேள்வி எங்கே தடுமாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வந்து சேர்வது என்று பொருள்படும் ‘அன்கொமன்’ முதல் ஆள். ரயில் வெளியூரிலிருந்து நிலையத்துக்குள் வருகிறது, எல்லை தாண்டப்படுகிறது. இருந்தும் ‘அம் பான்ஹோஃப்’, டாட்டிவ். பயணத்தின் கடைசிக் கணத்தை மட்டும் அந்த வினை எடுத்துக்கொள்கிறது, அந்தக் கணம் நிகழ்வதோ நிலையத்தில். விமானம் இறங்குவதற்கும் பெரும்பாலும் இதே கதை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவனும் ஓடிப்போய்த்தான் ஒளிகிறான், ஆனால் வழக்கமாக டாட்டிவ்தான் வரும்.

கடந்து போவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாலத்தின்மேல் நடந்து அக்கரைக்குப் போனால் ‘ஊபர் டீ ப்ரூக்கே’, அக்குஸாட்டிவ். பாலம் போய்ச் சேரும் இடம் இல்லை, வழிதான். இருந்தாலும் ‘ஊபர்’ என்ற சொல் கடத்தலை எல்லை தாண்டலாகவே எடுத்துக்கொள்கிறது. ஹெலிகாப்டர் நகரத்தைக் கடந்து பறந்தால் ‘ஊபர் டீ ஷ்டாட்’. நகரத்துக்கு மேலேயே வட்டமிட்டால் ‘ஊபர் டேர் ஷ்டாட்’. ஆனால் படகு பாலத்துக்கு அடியில் புகுந்து அப்பால் போகும்போது, ‘ஊடாக’ என்ற பொருளில் கடைசியில் ‘டுர்ஹ்’ வந்து ஒட்டிக்கொண்டால், ‘உன்டர் டேர் ப்ரூக்கே டுர்ஹ்’ என்று டாட்டிவாகவே நிற்பதுதான் வழக்கம். கடந்து போவதை ‘டுர்ஹ்’ சொல்லிவிட்டதால், அந்தப் பாரத்தை ‘உன்டர்’ சுமப்பதில்லை.

சில வினைகளுக்கு இரண்டும் செல்லும். பணத்தைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினேன் என்பதை இரண்டு வேற்றுமையிலும் சொல்லலாம். உள்ளே போனதைப் பார்க்கிறவர் அக்குஸாட்டிவைச் சொல்வார், உள்ளே பத்திரமாக இருப்பதைப் பார்க்கிறவர் டாட்டிவைச் சொல்வார். இங்கே இலக்கணப் புத்தகத்தைப் புரட்டி ஒன்றைத் தவறு என்று அடித்துவிடுவது வீண் வேலை.

இடமே இல்லாத இடங்களில் இந்தக் கேள்வியால் பயனில்லை, மனப்பாடம்தான் வழி. காத்திருப்பது என்பதற்கான வினை ‘அவுஃப்’ என்ற சொல்லை அக்குஸாட்டிவோடு கேட்கும். ‘இஹ் வார்ட்டெ அவுஃப் டேன் புஸ்’ என்றால் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். இதில் யாரும் எங்கும் போகவில்லை. நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்று ‘டேம் புஸ்’ ஆக்கினால், பஸ்ஸின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து காத்திருப்பதாகப் பொருள் வந்துவிடும். எதையாவது நினைப்பது அக்குஸாட்டிவ், எதற்காவது பயப்படுவது டாட்டிவ். ஏன் என்று கேட்டால் பழைய காலத்தில் ஏதோ காரணம் காட்டலாம், அது தேர்வு அறையில் உதவாது.

வேற்றுமை ஒரு கதையின் தலையெழுத்தையே சொல்லிவிடுவதும் உண்டு. காஃப்கா 1915-இல் வெளியிட்ட சிறுகதையின் தலைப்பு ‘ஃபோர் டேம் கெஸெட்ஸ்’, சட்டத்தின் முன். கிராமத்திலிருந்து வந்த ஒருவன் சட்டத்துக்குள் நுழைய அனுமதி கேட்கிறான். வாயிற்காவலன் இப்போது முடியாது என்கிறான். வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்து கிழவனாகிச் செத்துப்போகிறான். உள்ளே நுழைவதற்கு அக்குஸாட்டிவ் வேண்டும். தலைப்பில் இருப்பதோ டாட்டிவ். ஒருவரை நீதியின் முன் கொண்டுவந்து நிறுத்துவதற்கும் ஜெர்மனில் ‘ஃபோர்’தான், ஆனால் அக்குஸாட்டிவோடு. ‘ஃபோர் டாஸ்’ என்று தலைப்பிட்டிருந்தால் யாரோ எங்கோ நகரும் கதையை எதிர்பார்த்திருப்போம். ‘டேம்’ என்று வந்துவிட்டது, அதன்பின் அவன் அந்த வாசலைத் தாண்டப்போவதில்லை. தமிழில் ‘சட்டத்தின் முன்’ என்றால் இரண்டும் ஒன்றுதான், மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய முடியும்?

பெயருக்கு முன் குறிச்சொல் வராத ஊர்களிலும் நாடுகளிலும் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஜெர்மன் முன்னிடைச்சொல்லையே மாற்றிவிடுகிறது: பெர்லினில் ‘இன் பெர்லின்’, பெர்லினுக்கு ‘நாஹ் பெர்லின்’. இந்தியா, இலங்கை, ஜெர்மனி எல்லாம் இந்த வரிசைதான். சுவிட்சர்லாந்தோ ஜெர்மனில் பெண்பால் குறிச்சொல்லோடு வருவது. அதனால் ஜெர்மனியில் வாழும் ஈழத் தமிழர் ஒருவர் ஜூரிச்சில் உள்ள அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது ‘நாஹ்’ உதவாது, ‘இன் டீ ஷ்வைட்ஸ்’ என்று சொல்ல வேண்டும். அக்கா இருப்பதோ ‘இன் டேர் ஷ்வைட்ஸ்’. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஜெர்மனில் பன்மை. பன்மையில் அக்குஸாட்டிவ் ‘டீ’, டாட்டிவ் ‘டேன்’. அமெரிக்காவுக்குப் போகிறவர் ‘இன் டீ’, அங்கே வசிப்பவர் ‘இன் டேன்’. பூனையை மேசைமேல் ஏற்றிய அதே ‘டேன்’, இங்கே ஆளை அசையாமல் உட்கார வைத்துவிடும். சொல்லின் பாலும் எண்ணும் தெரியாமல் குறிச்சொல்லை மட்டும் கேட்டு வேற்றுமையை ஊகிக்க முடியாது.